“எத்தனை பர்சென்ட் தருவீங்க?” - ஒரு நிதி ஆலோசகரின் பயோவில் என்ன இருக்கணும், என்ன இருக்கவே கூடாது?

மதுரையில இருக்குற என் தோழி, போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு போஸ்டர் அனுப்பினாள். “இதுல தமிழ் மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுடி. நாளைக்கு அனுப்பணும்” என்று கீழே ஒரு வரி.

தோழி ஒன்பது வருஷம் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு, தேர்வெழுதி, செபியில் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்திருக்கிறாள். இனி தனியாகத் தொழில். இன்ஸ்டாகிராமிலும் விசிட்டிங் கார்டிலும் போட ஒரு ‘பயோ’ வேண்டும். டிசைன் செய்கிற தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் இணையத்தில் நாலு பேரின் பயோவைப் பார்த்து, அதிலிருந்து இப்படி ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்:

“தமிழகத்தின் நம்பர் 1 பெண் நிதி ஆலோசகர்! 12 ஆண்டுகள் முதலீட்டு அனுபவம்! செபியால் அங்கீகரிக்கப்பட்டவர் என்பதால் உங்கள் பணத்துக்கு 100% பாதுகாப்பு! ஆண்டுக்கு 15% வருமானம் உறுதி! மகிழ்ச்சியான 500 குடும்பங்கள்!”

ஓரத்தில் செபியின் லோகோ வேறு.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. “தமிழ்ல தப்பே இல்லடி. ஆனா இதுல ஒரு வரியைக்கூட நான் வெளியில போட முடியாது” என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் போனில் உட்கார்ந்து அந்த அஞ்சு வரியையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முடிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நீங்கள் இன்ஸ்டாவிலோ யூடியூபிலோ பார்க்கிற எந்த நிதி ஆலோசகரின் பயோவையும் இதே மாதிரி பிரித்துப் பார்க்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: INA-வா, ARN-ஆ?

பயோவில் முதலில் தேட வேண்டியது பட்டமோ அனுபவமோ இல்லை. பதிவு எண். டிசைனர் தம்பி அதைத்தான் சுத்தமாக மறந்திருந்தார்.

நம் ஊரில் ‘ஃபைனான்ஷியல் அட்வைஸர்’ என்ற பெயரில் ரெண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். அவருடைய பதிவு எண் INA என்று ஆரம்பிக்கும். அவருக்குச் சம்பளம் நீங்கள் கொடுக்கிற கட்டணம் மட்டும்தான். அவர் சொல்கிற ஃபண்டை நீங்கள் வாங்கினாலும், அந்த ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து உங்கள் பேரில் அவர் கமிஷன் வாங்க முடியாது.

இன்னொருவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவருடைய எண் ARN என்று ஆரம்பிக்கும். அவர் உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார். ஃபண்ட் நிறுவனம் அவருக்குக் கமிஷன் கொடுக்கும், அந்தச் செலவு உங்கள் ஃபண்டின் செலவிலேயே சேர்ந்திருக்கும். ‘ரெகுலர் பிளான்’, ‘டைரக்ட் பிளான்’ என்று ஒரே ஃபண்டில் ரெண்டு இருப்பதற்குக் காரணம் இதுதான். இவர் தப்பானவர் கிடையாது. ஃபாரம் நிரப்புவது, கே.ஒய்.சி. பார்ப்பது என எத்தனையோ பேருக்கு உதவுகிறவர். ஆனால், 2020-ல் செபி விதிகளைத் திருத்தியபோது, முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யாத விநியோகஸ்தர்கள் ‘இண்டிபென்டன்ட் ஃபைனான்ஷியல் அட்வைஸர்’, ‘வெல்த் அட்வைஸர்’ போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. பயோவில் ‘வெல்த் அட்வைஸர்’ என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் ARN எண் மட்டும் இருந்தால், அங்கேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ரெண்டு எண்ணுமே இல்லாமல், ‘மார்க்கெட் எக்ஸ்பர்ட்’, ‘வெல்த் கோச்’ என்று மட்டும் இருந்தால்? பதிவு இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ‘இந்த ஷேரை வாங்கு’ என்று ஆலோசனை சொல்வதற்கே அனுமதி கிடையாது. அந்தப் பயோவின் மீதி வரிகளைப் படிக்கத் தேவையில்லை.

எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நம்பிவிடவும் முடியாது என்பது இன்னொரு தலைவலி. நிஜமான ஆலோசகர்களின் INA எண்ணையும் பெயரையும் திருடி, டெலிகிராம் குழு ஆரம்பிக்கிற கும்பல்கள் இருக்கின்றன. எண் உண்மையாக இருக்கும், ஆள் வேறு. அதனால் sebi.gov.in தளத்தில் இடைத்தரகர்கள் பகுதிக்குப் போய், முதலீட்டு ஆலோசகர்கள் பட்டியலில் அந்த எண்ணைத் தேடுங்கள். அங்கே பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் இருக்கும். உங்களுக்கு மெசேஜ் அனுப்பியவரின் விவரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், செபி தளத்தில் இருக்கிற தொடர்பு விவரத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு வந்த நம்பருக்கே திரும்ப போன் போட்டு “நீங்க ஒரிஜினலா?” என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

‘15% உறுதி’யில் என்ன தப்பு?

இதற்குத்தான் அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது. முதலீட்டு ஆலோசகர்களின் விளம்பரங்களுக்கு செபி 2023 ஏப்ரலில் ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. உறுதியான வருமானம், ரிஸ்க்கே இல்லாத வருமானம் என்று எந்த வாக்குறுதியும் விளம்பரத்தில் இருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான ஒன்று. போஸ்டர், நோட்டீஸ், இணையதளம், சமூக வலைதளப் பதிவு எல்லாமே இதில் அடக்கம். “இன்ஸ்டா பயோதானே” என்று தப்பிக்க முடியாது.

“சரி, ‘உறுதி’ங்கிற வார்த்தையை எடுத்துட்டு, ‘சராசரியா 14%’னு போடலாமா? அது உண்மையான கணக்குதானே?” என்று நான் கேட்டேன். அப்போது அவள் ஒரு கணக்கு சொன்னாள். அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

2007 கடைசியில் சென்செக்ஸ் ஏறக்குறைய 20,287 புள்ளிகளில் இருந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஆரம்பித்த நிதி நெருக்கடியில் உலகமே ஆடிப்போனது. 2008 கடைசியில் சென்செக்ஸ் சுமார் 9,647. அதாவது, ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 52% இறக்கம். 2009-ல் சந்தை திரும்ப எழுந்தது. அந்த வருஷம் மட்டும் சுமார் 81% ஏற்றம்.

இப்போது சராசரி போடுங்கள். 81-லிருந்து 52-ஐக் கழித்து, ரெண்டால் வகுத்தால் 14-க்கு மேல் வருகிறது. ‘ரெண்டு வருஷத்தில் சராசரியாக ஆண்டுக்கு 14% வருமானம்’ என்று போஸ்டர் அடிக்கலாம். கணக்குப்படி அதில் பொய்யே கிடையாது.

ஆனால், 2007 கடைசியில் ஒரு லட்ச ரூபாய் போட்டவரின் நிலைமை? 2008 கடைசியில் அது சுமார் 47,500 ரூபாய். அதன் மேல் 81% ஏறினால் 86,000 ரூபாய். ‘சராசரி 14%’ வருமானம் கிடைத்த பிறகும் அவர் கையில் 14,000 ரூபாய் குறைவு!

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பாதியாக இறங்கிய பணம் பழைய இடத்துக்கு வர 50% ஏற்றம் போதாது, 100% ஏற வேண்டும். சராசரி இதை மறைத்துவிடுகிறது.

“அதனாலதான் எண்ணே வேணாங்கிறேன். என் கையில இல்லாத ஒண்ண நான் எப்படி எழுதிக் குடுப்பேன்? சந்தை என் பேச்சைக் கேக்குமா?” என்றாள்.

உறுதி சொல்ல ஆசைப்படுகிறவர்கள் வேறு வேஷமும் போடுவார்கள். ‘15% வரை’ என்பது ஒன்று. ‘வரை’ என்றால் பூஜ்யமும் அதற்குள்தான் வருகிறது. ‘எங்கள் கிளையன்ட்கள் இதுவரை நஷ்டப்பட்டதே இல்லை’ என்பது இன்னொன்று. லாபம் வந்த டிரேடிங் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஹைலைட்ஸில் வைப்பது மூன்றாவது ரகம். நஷ்டம் வந்த நாளின் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் எடுப்பதில்லை.

பழைய லாபக் கணக்கை ஆலோசகர் தன் இஷ்டத்துக்கு விளம்பரத்தில் காட்டவும் முடியாது. அதைத் தனியாக ஓர் அமைப்பு சரிபார்த்த பிறகே காட்டலாம் என்ற ஏற்பாட்டை செபி 2025-ல் கொண்டுவந்தது. அதனால் யாராவது ‘போன வருஷம் 38% எடுத்துக் கொடுத்தேன்’ என்று எழுதியிருந்தால், “யார் சரிபார்த்தது?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிலர் மாசக் கணக்கில் சொல்வார்கள். ‘மாசம் 3% தான் சார்’ என்றால் காதுக்குச் சின்னதாகத் தெரியும். அதையே மாசாமாசம் சேர்த்துப் போட்டால் வருஷத்துக்கு 42% தாண்டும். சென்னையில் ஆருத்ரா விவகாரம் ஞாபகம் இருக்கும். மாசம் 25 முதல் 30% வரை வட்டி என்று சொல்லித்தான் அங்கே பணம் திரட்டப்பட்டதாக வழக்கு. இப்படி எண் சொல்பவரிடம் ‘ரொம்ப அதிகமா இருக்கே’ என்று யோசிக்கிற நாம், ‘15%’ என்றால் மட்டும் நியாயமாக இருக்கிறதே என்று நினைத்துவிடுகிறோம். பங்குச்சந்தையை வைத்துச் சொல்லப்படும்போது ரெண்டுமே ஒரே வகை வாக்குறுதிதான்.

அப்படியென்றால் உறுதியான வருமானம் என்று ஒன்றே கிடையாதா? இருக்கிறது. வங்கி எஃப்.டி.யில் போடும்போதே வட்டி இவ்வளவு என்று தெரியும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடும் உண்டு. அஞ்சலகத் திட்டங்களுக்கு அரசே பொறுப்பு. ஆனால், அந்த உறுதியைக் கொடுப்பது வங்கியும் அரசும். ஆலோசகர் தன் பயோவில் அதைத் தன் உறுதி மாதிரி எழுதிக்கொள்ள முடியாது.

‘செபி அங்கீகாரம்’ என்றால் பணத்துக்குப் பாதுகாப்பா?

இது பலர் ஏமாறுகிற இடம். டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆக்ஸிடென்ட் செய்யவே மாட்டார் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் உத்தரவாதம் தருவதில்லை. செபி பதிவும் அப்படித்தான். இந்த ஆள் தகுதிகளைக் காட்டியிருக்கிறார், விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், தப்பு செய்தால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. பதிவின் அர்த்தம் இவ்வளவுதான்.

இதை ஆலோசகரே சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. செபி பதிவோ, மேற்பார்வை அமைப்பின் உறுப்பினர் தகுதியோ, என்.ஐ.எஸ்.எம். சான்றிதழோ ஆலோசகரின் செயல்பாட்டுக்கோ வருமானத்துக்கோ எந்த உத்தரவாதமும் தராது என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் விளம்பரத்தில் இருக்க வேண்டும். கூடவே, நாம் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் வேகவேகமாகக் கேட்டுப் பழகிய சந்தை அபாய எச்சரிக்கையும். செபியின் லோகோவைப் போடக் கூடாது. ‘நம்பர் 1’, ‘பெஸ்ட்’, ‘டாப்’ மாதிரி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பட்டங்களும் கூடாது. இப்படித் தயாரான விளம்பரத்தை, வெளியிடும் முன்பே மேற்பார்வை அமைப்பிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இப்போது அந்தப் பொறுப்பு பி.எஸ்.இ. எனப்படும் மும்பை பங்குச்சந்தையிடம் இருக்கிறது. தோழி ‘நாளைக்கு அனுப்பணும்’ என்றது அதற்காகத்தான்.

‘மகிழ்ச்சியான 500 குடும்பங்கள்’ வரியை நீக்கியபோது அவளுக்கு வருத்தமே இல்லை. பதிவு வந்தே ரெண்டு மாசம்தான் ஆகிறது. 500 குடும்பம் எங்கிருந்து வரும்? அது யாருடைய பயோவிலிருந்து வந்ததோ! ஆனால், இன்னொன்று அவளுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. பழைய வங்கி வாடிக்கையாளர் ஒருவர், “இந்தப் பொண்ணு அன்னிக்குச் சொல்லலேன்னா ரிட்டயர்மென்ட் பணத்தை மொத்தமா விட்டிருப்பேன்” என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். நிஜமான ஆள், நிஜமான வார்த்தைகள். அதையும் போட முடியாது. வாடிக்கையாளர்களின் பாராட்டை விளம்பரத்தில் பயன்படுத்தவும் தடை இருக்கிறது.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஹோட்டலுக்கு ரிவ்யூ போடலாம், டாக்டருக்குப் போடலாம், இதற்குக் கூடாதா? அவளே பதில் சொன்னாள். “சந்தை ஏறுற வருஷத்துல எல்லாருமே என்னைப் பாராட்டுவாங்கடி. அது என் திறமையா, சந்தையோட புண்ணியமான்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

12 வருஷ அனுபவம்... எதில்?

டிசைனர் தம்பி 12 என்று எப்படிப் போட்டார் என்று கேட்டேன். வங்கியில் ஒன்பது வருஷம், அதோடு கல்லூரி முடித்த பிறகு அவள் சொந்தமாக ஷேர் வாங்கி விற்ற மூணு வருஷம். மொத்தம் 12.

அந்த ஒன்பது வருஷத்தையும் பிரித்தோம். முதல் அஞ்சு வருஷம் வீட்டுக்கடன் பிரிவு. சம்பள ரசீது, வில்லங்கச் சான்றிதழ் பார்த்துக் கடன் கொடுப்பது. கடைசி நாலு வருஷம் வாடிக்கையாளர்களுக்கு மியூச்சுவல் ஃபண்டும் இன்ஷூரன்ஸும் விற்கும் பிரிவு. அங்கே மாசாமாசம் டார்கெட் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு, யாருக்கும் எதையும் விற்காமல், ஆலோசனை மட்டும் சொன்ன அனுபவம்? ரெண்டு மாசம்.

“இதை எழுதினா யாருடி வருவா?” என்றாள். நியாயமான பயம்தான். வேலையை விட்டாச்சு, ஆபீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. தெருவில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் ‘20 வருஷ அனுபவம்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கே வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும், சில வருஷ அனுபவமும் வேண்டும் என்று இருந்தது. 2024 டிசம்பரில் செபி அதைத் தளர்த்தியது. இப்போது இளநிலைப் பட்டம் போதும். அனுபவ நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் INA எண் இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு இத்தனை வருஷ அனுபவம் இருந்தே தீரும் என்று நினைக்க முடியாது. அனுபவ வரி என்பது ஆலோசகர் தானாகச் சொல்வது. அதை ‘எதில், எந்த வேலையில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை’ என்று பிரித்துச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை.

பிரித்துச் சொன்னதால் அவளுக்கு நஷ்டம் வந்ததா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கடன் பிரிவில் அஞ்சு வருஷம் உட்கார்ந்தவளுக்கு, 40,000 ரூபாய் சம்பளக்காரர் 22,000 ரூபாய் இ.எம்.ஐ. கட்டினால் ஆறாவது மாசத்தில் என்ன ஆகும் என்று தெரியும். ‘12 வருஷ முதலீட்டு அனுபவம்’ என்ற மொட்டை வரியில் அது எங்கேயும் தெரியவில்லை.

படிப்பு வரி சுலபமாக முடிந்தது. பி.காம். பட்டம். அதோடு என்.ஐ.எஸ்.எம். நடத்துகிற முதலீட்டு ஆலோசகர் தேர்வுகள் ரெண்டு, X-A, X-B. இது ரெண்டும் பதிவுக்குக் கட்டாயம். சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு, தொழிலில் தொடர வேண்டுமென்றால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் பயோவில் சி.எஃப்.பி. என்று பார்த்திருப்பீர்கள். அது நிதித் திட்டமிடலுக்கான நல்ல படிப்பு. ஆனால் அது படிப்புதான், லைசென்ஸ் இல்லை. பெயருக்குப் பின்னால் நாலு சுருக்கெழுத்து இருந்தும் INA எண் இல்லையென்றால், திரும்ப முதல் கேள்விக்கே வந்துவிடுவோம். மூணு நாள் ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்த சான்றிதழையும் சிலர் பட்டம் போலவே எழுதுகிறார்கள். எந்த நிறுவனம் கொடுத்தது என்ற பெயர் பக்கத்தில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

நம்பர் 1 போச்சு, 15% போச்சு, 500 குடும்பம் போச்சு, லோகோ போச்சு. போஸ்டரில் அவள் போட்டோவும் போன் நம்பரும்தான் மிச்சம்.

“யாருக்கு நீ உபயோகப்படுவே?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முதல் வேலையில இருக்கிறவங்க, கடனோட இருக்கிற சம்பளக்காரங்க” என்றாள். அதை எழுதினோம். அடுத்து, என்ன செய்வாள் என்பது. வரவு செலவைப் பார்ப்பது, கடனை வரிசைப்படுத்துவது, எவ்வளவு ரிஸ்க் தாங்குவார்கள் என்று கணிப்பது, பிறகு எழுத்தில் ஒரு திட்டம். இதில் எதுவும் சந்தையைப் பொறுத்தது இல்லை. எல்லாமே அவள் கையில் இருப்பது. அதனால் தைரியமாக எழுதலாம்.

கட்டணத்தையும் எழுதச் சொன்னேன். தயங்கினாள். “கேட்டா சொல்றேனே” என்றாள். ஒரு குடும்பத்துக்கு நிலையான கட்டணமாக வருஷத்துக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய்தான் வாங்கலாம் என்று செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. இவள் வாங்கப்போவது வருஷத்துக்கு 9,000. எழுதினால்தானே, ‘இது நமக்குக் கட்டுப்படியாகும்’ என்று 25 வயசுப் பையன் ஒருவன் போன் எடுப்பான்?

கடைசியாக, என்ன செய்ய மாட்டாள் என்று ரெண்டு வரி. அது அவளே சொன்னது. ஆலோசகருக்குப் போக வேண்டியது கட்டணம் மட்டும்தான். முதலீட்டுப் பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்கோ, உங்கள் பெயரில் இருக்கிற கணக்குக்கோதான் போக வேண்டும். ‘என் கணக்குக்கு அனுப்புங்க, நான் போட்டுக்கிறேன்’ என்று யார் சொன்னாலும், பயோ எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

ராத்திரி ஒன்றேகாலுக்கு முடிந்த வடிவம் இது. மேலே அவள் முழுப்பெயர், ஆபீஸ் முகவரி, INA எண். அதற்குக் கீழே:

“செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். பி.காம்., என்.ஐ.எஸ்.எம். X-A, X-B சான்றிதழ்கள். தனியார் வங்கியில் 9 ஆண்டுகள்: வீட்டுக்கடன் பிரிவில் 5, மியூச்சுவல் ஃபண்ட் மற்றும் இன்ஷூரன்ஸ் விற்பனைப் பிரிவில் 4. இந்த ஆண்டு முதல் தனி ஆலோசகர்.

முதல் வேலையில் இருப்பவர்களுக்கும், கடனோடு இருக்கும் சம்பளதாரர்களுக்கும் வரவு செலவு, கடன், சேமிப்பு, முதலீடு எல்லாவற்றையும் பார்த்து எழுத்துபூர்வமான திட்டம் தருகிறேன். கட்டணம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.9,000. எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்குவதில்லை. உங்கள் முதலீட்டுப் பணத்தை என் கணக்கில் வாங்க மாட்டேன். வருமானம் இவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

பத்திரச் சந்தை முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. முதலீடு செய்யும் முன் தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும் கவனமாகப் படிக்கவும். செபி பதிவு, மேற்பார்வை அமைப்பின் உறுப்பினர் தகுதி, என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ் ஆகியவை ஆலோசகரின் செயல்பாட்டுக்கோ, முதலீட்டாளரின் வருமானத்துக்கோ உத்தரவாதம் அல்ல.”

டிசைனர் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “அக்கா, கடைசிப் பாராவைக் கொஞ்சம் சின்ன எழுத்துல போட்டுரட்டா?” என்று கேட்டாராம். மற்ற வரிகளின் அதே சைஸில்தான் போட வேண்டும் என்று இவள் சொல்லிவிட்டாள்.

ஒப்புதல் வந்து, பயோ இன்ஸ்டாவில் ஏறி, நாலாவது நாள் முதல் போன் வந்தது. திருமங்கலத்திலிருந்து ஒருவர். மொபைல் கடை வைத்திருக்கிறார். எடுத்ததும் அவர் கேட்டது: “மேடம், எத்தனை பர்சென்ட் தருவீங்க?”

“அதை நான் சொல்ல முடியாது சார்.”

“அப்ப உங்ககிட்ட எதுக்கு மேடம் வரணும்? பக்கத்துக் கடைக்காரர் மாசம் 3% தர்றாங்கன்னு ஒரு இடம் சொல்றாரே.”

“அவங்க பதிவு எண் என்னன்னு கேட்டுப் பாருங்க சார். சரி, உங்களுக்கு இப்ப கடன் ஏதாவது இருக்கா?”

இருந்தது. கடைக்காக வாங்கிய பெர்சனல் லோன், 16% வட்டியில். அது போக, கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் நிலுவை. மாசம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். வட்டி மாசத்துக்கு 3.5%, அதாவது வருஷத்துக்கு 42%. கையில் முதலீடு செய்யலாம் என்று வைத்திருப்பது ஒரு லட்சம்.

“சார், முதல்ல அந்தக் கார்டு பாக்கியை முழுசா கட்டிருங்க. மிச்சம் 40,000 கடைக்கு அவசரத்துக்கு இருக்கட்டும். இப்போதைக்கு முதலீடு எதுவும் வேணாம்” என்றிருக்கிறாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் அவர் கேட்டாராம், “இதுக்கு உங்களுக்கு என்ன மேடம் கிடைக்கும்?”

“9,000 ரூபா சார். பயோவுல போட்டிருக்கேன். அதையும் கார்டு கடன் முடிஞ்ச பிறகு குடுங்க.”